முதலில் வரிசை, அப்புறம் பெயர்

ஏப்ரல் பிறந்துவிட்டால் குடியிருப்போர் சங்கங்களின் பொருளாளர்களுக்குத் தூக்கம் போய்விடும். "வவுச்சர் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி மாசவாரியா அனுப்பிடுங்க சார்" என்று ஆடிட்டர் ஒரே வரியில் சொல்லிவிடுவார். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, பென்டிரைவில் வாங்கி வந்து கம்ப்யூட்டரில் திறந்தால் Scan_20250412_0001 என்று தொடங்கி Scan_20250412_0038 வரைக்கும் முப்பத்தெட்டு பிடிஎஃப் ஃபைல்கள் வரிசையாக நிற்கும். எது தண்ணீர் லாரிக்குக் கொடுத்தது, எது லிஃப்ட் பராமரிப்புக்குக் கொடுத்தது, எது எந்த மாதம் என்று பெயரைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றுகிறவர்கள்தான் அதிகம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபோல்டரைத் திறந்தால் வருகிற அந்த ஜன்னலிலேயே, ஃபைல் எக்ஸ்புளோரரிலேயே, பல ஃபைல்களுக்கு ஒரே தடவையில் பெயர் வைக்கும் வசதி இருக்கிறது. தனியாக எதையும் இறக்கி நிறுவ வேண்டாம். வேண்டிய ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து, விசைப்பலகையின் மேல் வரிசையில் இருக்கும் F2 விசையை அழுத்தி, ஒரு பெயரைத் தட்டி Enter கொடுத்தால் எல்லா ஃபைலுக்கும் அந்தப் பெயர் விழும். கூடவே (1), (2), (3) என்று எண்ணும் சேரும். சில மடிக்கணினிகளில் F2 அழுத்தினால் ஒலியோ வெளிச்சமோ மாறும். அங்கே Fn விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

செய்முறை அவ்வளவுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஃபைலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று எக்ஸ்புளோரர் பார்ப்பதில்லை. ஏப்ரல் மாத வவுச்சரையும் மார்ச் மாத வவுச்சரையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. திரையில் எந்த வரிசையில் ஃபைல்கள் நிற்கின்றனவோ, அந்த வரிசையில் எண்ணைப் போட்டுக்கொண்டே போகும். வரிசை தப்பாக இருந்தால் எண்ணும் தப்பாகத்தான் விழும், எந்த எச்சரிக்கையும் வராது.

அதனால் F2-வைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு வேலை. முதல் வேலை, அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு நகல் எடுத்து வைப்பது. ஃபோல்டரைச் சொடுக்கி Ctrl + C, பிறகு Ctrl + V. பெயரின் முடிவில் Copy என்ற சொல்லோடு பக்கத்திலேயே இன்னொன்று வந்துவிடும். அதைத் தொடாமல் விட்டுவிட்டு மூல ஃபோல்டரில் வேலை செய்யலாம்.

இரண்டாவது வேலை வரிசையைச் சரிபார்ப்பது. ஃபோல்டருக்குள் போய், View என்ற இடத்தில் Details-ஐத் தேர்ந்தெடுத்தால் ஃபைல்கள் பட்டியலாக நிற்கும். மேலே Name, Date modified, Type, Size என்று தலைப்புகள் இருக்கும். எந்தத் தலைப்பைச் சொடுக்குகிறோமோ அதன்படி பட்டியல் மாறும். இன்னொரு முறை சொடுக்கினால் தலைகீழாகும்.

இங்கே பலரும் Date modified-ஐ நம்பிவிடுவார்கள். தேதி என்று இருக்கிறதே, மாதவாரியாகத்தானே வரும் என்று தோன்றும். அது வவுச்சரில் பேனாவால் எழுதிய தேதி இல்லை. கடைக்காரர் ஸ்கேன் செய்த நேரம். முப்பத்தெட்டு வவுச்சருக்கும் அதில் ஒரே நாள்தான் காட்டும், நிமிடங்கள் மட்டும் நகரும்.

நம் ஃபோல்டரில் முதல் ஃபைலையும் கடைசி ஃபைலையும் திறந்து பார்ப்போம். 0001-இல் இருப்பது 2025 மார்ச் மாதத்தின் கடைசி வவுச்சர். 0038-இல் இருப்பது 2024 ஏப்ரல் மாதத்தின் முதல் வவுச்சர். காரணம் எளிது: நாடா போட்டுக் கட்டிய கோப்பில் புதிய தாள் மேலே, பழையது அடியில் இருக்கும். கட்டை அப்படியே இயந்திரத்தில் வைத்ததால் ஆண்டு பின்னோக்கி ஸ்கேன் ஆகியிருக்கிறது. நடுவில் 0015, 0025 என்று இரண்டு மூன்றைத் திறந்து, வரிசை குலையாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். குலையவில்லை என்றால் 0038 மேலே வரும் வரை Name தலைப்பைச் சொடுக்கினால் போதும். இப்போது பட்டியல் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும்.

இனி Ctrl + A அழுத்தி முப்பத்தெட்டையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே பெயர் கொடுத்துவிடலாம் என்று கை பரபரக்கும். கொடுக்கலாம், ஆனால் நான் கொடுக்க மாட்டேன். ஆடிட்டர் கேட்டது மாதவாரியாக. (17) என்று ஓர் எண்ணைப் பார்த்து அது எந்த மாதம் என்று யாருக்குத் தெரியும்? அதோடு, எக்ஸ்புளோரர் 1, 2, 3 என்றுதான் எண்ணும். 01, 02 என்று முன்னால் பூஜ்யம் போடாது. எக்ஸ்புளோரரின் பட்டியலில் 2-க்குப் பிறகு 3 சரியாக வரும். வேறு சில மென்பொருள்களில் 1-க்கு அடுத்து 10, 11, 12 வந்து, 19-க்குப் பிறகுதான் 2 வரும். அவை எண்ணை எண்ணாகப் பார்க்காமல், எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதால் வரும் வினை இது. பிடிஎஃப்களை ஒன்றாக இணைக்கும்போது இப்படி நடந்தால் பக்கங்கள் தாறுமாறாகிவிடும்.

மாதம் மாதமாகப் பிரித்துச் செய்தால் இரண்டு தொல்லையும் தீரும். ஒரு மாதத்துக்கு மூன்று நான்கு வவுச்சர்தான் என்பதால் எண் ஒன்பதைத் தாண்டாது, பூஜ்யத்துக்குத் தேவையே இல்லை. பெயரில் ஆண்டு முதலில், மாதம் அடுத்து: 2024-04. இப்படி எழுதினால் எங்கே அடுக்கினாலும் ஏப்ரல், மே, ஜூன் என்று கால வரிசையில் நிற்கும். 04-2024 என்று எழுதினால் 2025 ஜனவரி, 2024 ஏப்ரலுக்கு முன்னால் போய் உட்காரும். மாதத்தின் பெயரையே எழுதினாலும் அகர வரிசையில் ஆகஸ்ட் முந்திக்கொள்ளும். நமக்குப் பழகிய சாய்கோடு போட்டு எழுதலாமா என்றால் விண்டோஸ் விடாது. ஃபைல் பெயரில் அது ஏற்காத குறிகள் ஒன்பது:

```
\ / : * ? " < > |
```

ஏப்ரலில் நான்கு வவுச்சர்கள்: 0038, 0037, 0036, 0035. அந்த மாதத்தின் அடியில் இருக்கும் 0035-ஐ முதலில் சொடுக்கி, Shift விசையைப் பிடித்துக்கொண்டு மேலே 0038-ஐச் சொடுக்குங்கள். நான்கும் நீலமாகும். F2. ஒரு ஃபைலின் பெயர் மட்டும் கட்டத்துக்குள் வந்து எழுதத் தயாராக நிற்கும். எந்த ஃபைலில் அந்தக் கட்டம் திறக்கிறதோ அதற்குத்தான் (1) போகும். அதனால்தான் கீழிருந்து மேலே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். கடைசியாகச் சொடுக்கிய ஃபைலில் கட்டம் திறக்கும். 0038 தவிர வேறு எதில் திறந்தாலும் Esc அழுத்தி வெளியே வந்து மறுபடி தேர்ந்தெடுங்கள்.

கட்டம் சரியான இடத்தில் திறந்துவிட்டால் 2024-04 வவுச்சர் என்று தட்டி Enter. தமிழில் பெயர் வைப்பதில் விண்டோஸுக்கு ஒரு தடையும் இல்லை. கிடைப்பது இது:

```
2024-04 வவுச்சர் (1).pdf
2024-04 வவுச்சர் (2).pdf
2024-04 வவுச்சர் (3).pdf
2024-04 வவுச்சர் (4).pdf
```

.pdf என்ற வாலை நாம் தட்டவில்லை, அது தானாக நிற்கிறது. சிலர் கம்ப்யூட்டரில் அந்த வால் கண்ணுக்கே தெரியாது. தெரியவில்லையே என்று நாமே சேர்த்துத் தட்டினால் பெயருக்கு நடுவில் ஒரு .pdf, கடைசியில் ஒரு .pdf என்று இரட்டையாகிவிடும். மாறாக, வால் தெரிகிற கம்ப்யூட்டரில் அதை அழித்துவிட்டால், ஃபைல் பயன்படாமல் போகலாம் என்று ஓர் எச்சரிக்கை வரும். அங்கே No கொடுத்துவிட வேண்டும்.

மற்ற மாதங்களுக்கும் இதே கதைதான். பன்னிரண்டு தடவை தமிழ் விசைப்பலகைக்கு மாறிக்கொண்டிருக்க வேண்டாம். 2024- வவுச்சர் என்பதை ஒரு தடவை எழுதி Ctrl + C கொடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதக் கட்டத்திலும் Ctrl + V அழுத்தி மாத எண்ணை மட்டும் நடுவில் நுழைக்கலாம். ஜனவரி வந்ததும் 2024-ஐ 2025 ஆக்க மறக்கக் கூடாது. எந்த மாதத்திலாவது ஒரே ஒரு வவுச்சர்தான் என்றால் எக்ஸ்புளோரர் எண் போடாது, வெறும் பெயரோடு விட்டுவிடும். சீராக இருக்க வேண்டுமென்றால் (1)-ஐ நாமே தட்ட வேண்டும்.

ஏதாவது ஒரு மாதத்தில் தப்பு நடந்துவிட்டால், வேறு எதையும் தொடாமல் உடனே Ctrl + Z. பழைய பெயர்கள் திரும்பிவிடும். நாலு வேலை செய்துவிட்டு, மறுநாள் காலையில் வந்து Ctrl + Z அழுத்துவதில் பயனில்லை. அதற்குத்தான் முதலில் எடுத்த நகல்.

நடுவில் ஒரு ஃபைல் மட்டும் பெயர் மாற மறுக்கலாம். அந்த ஃபைல் வேறு மென்பொருளில் திறந்திருக்கிறது என்று விண்டோஸ் சொல்லும். சரிபார்க்கத் திறந்த பிடிஎஃப்பை மூடாமல் விட்டிருப்போம். அதை மூடிவிட்டு Try Again கொடுத்தால் போதும்.

முடித்ததும் ஒவ்வொரு மாதத்திலும் முதல் வவுச்சரையும் கடைசி வவுச்சரையும் திறந்து, உள்ளே இருக்கும் தேதி பெயரோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட வேண்டும். மாத எல்லைகள் சரியாக இருந்தால் நடுவில் இருப்பவையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இந்த வசதியால் முடியாததையும் சொல்ல வேண்டும். பெயரின் ஒரு பகுதியை மட்டும் மாற்ற எக்ஸ்புளோரருக்குத் தெரியாது. பெயரில் இருக்கும் Scan என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, எண்ணை அப்படியே வை என்றால் அது செய்யாது; பழைய பெயரை முழுவதும் அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதும். மேக் கம்ப்யூட்டரில் இது உண்டு. அங்கே ஃபைண்டரில் ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் Rename போனால், Replace Text, Add Text, Format என்று மூன்று வழி காட்டும். கடைசி வழியில் Name and Counter-ஐத் தேர்ந்தெடுத்தால் 00001 என்று ஐந்து இலக்கத்தில் எண் விழும். உபுண்டு போன்ற லினக்ஸ் கம்ப்யூட்டர்களின் ஃபைல்ஸ் மென்பொருளில் F2 அழுத்தினால், ஒவ்வொரு ஃபைலின் பழைய பெயருக்கு எதிரே புதுப் பெயரை முன்கூட்டியே காட்டும்; பார்த்துத் திருப்தியான பிறகு மாற்றிக்கொள்ளலாம். 001, 002 என்றும் எண் போடும். இந்த ஒரு விஷயத்தில் விண்டோஸ் பின்தங்கித்தான் இருக்கிறது. மைக்ரோசாஃப்டே தருகிற பவர்டாய்ஸ் என்ற இலவசத் தொகுப்பில் இதற்கான கருவி இருக்கிறது, ஆனால் அதைத் தனியாக நிறுவ வேண்டும்.

பெயர் மாற்றுவதால் ஃபைலுக்குள் ஓர் எழுத்துகூட மாறாது, Date modified-உம் மாறாது. ஆனால் சங்கத்தின் கணக்கு எக்ஸெலில் இருந்து, ஒவ்வொரு செலவுக்கும் எதிரே வவுச்சர் ஃபைலுக்கு இணைப்பு கொடுத்திருந்தால், அந்த இணைப்பு பழைய பெயரைத்தான் தேடிப் போகும், எதுவும் திறக்காது. ஆகவே முதலில் ஃபைல்களுக்குப் பெயர் வைத்து முடித்துவிட்டு, அதன் பிறகு எக்ஸெலில் இணைப்பு கொடுங்கள்.