நாமே கட்டும் கம்ப்யூட்டர் – 14
டிஸ்ப்ளே வரவில்லை

"புது பிசி கட்டினேன். ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல. எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். என்ன பிரச்சினை சார்?"

இப்படி எழுதிய வாசகருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஃபேன் சுற்றுவதால், மின்சாரம் ஓரளவு வருகிறது என்பது மட்டுமே தெரிகிறது. "எல்லாம்" என்பதில் எது சேர்த்தி என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயர்களை ஓர் எழுத்து விடாமல் அனுப்பச் சொன்னேன்.

இரண்டாம் கடிதத்தில் பட்டியல் வந்தது. ரைசன் 5 5600, பி450 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ், பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று. முதலில் நான் பார்த்தது 5600-க்குப் பின்னால் 'ஜி' இருக்கிறதா என்றுதான். 5600ஜி-யில் கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு. வெறும் 5600-இல் கிடையாது. அதை வைத்துக்கொண்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினால் எத்தனை நாள் காத்திருந்தாலும் படம் வராது. இவர் கார்டில்தான் செருகியிருந்தார்.

அறிகுறியையும் இம்முறை சரியாக எழுதியிருந்தார். பவர் போட்டதும் போர்டின் ஓரத்தில் 'சிபியு' என்ற சின்ன விளக்கு எரிகிறது, பத்து நிமிடமானாலும் அணையவில்லை. கீபோர்டில் நம்லாக் விளக்கு வரவில்லை. இந்த விளக்கைப் பார்த்து சிபியு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். போர்டு அந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

செய்து பார்த்தவற்றை விளைவோடு சேர்த்து எழுதியதுதான் வழி காட்டியது. ஒவ்வொரு ராமையும் தனியாக, சிபியு பக்கமிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போட்டார்: மாற்றமில்லை. கார்டை நண்பரின் பிசியில் போட்டார்: படம் வந்தது. சிபியு அருகே செருகும் 8 பின் கேபிளைக் கழற்றி மாட்டினார், வேறு எஸ்எம்பிஎஸ்ஸும் வைத்துப் பார்த்தார்: அதே விளக்கு. ஆக ராம், கார்டு, பவர் மூன்றின் மீதும் சந்தேகம் போய்விட்டது.

மிச்சம் சிபியுவும் போர்டும். பி450 போர்டுகள் 2018-இல் வந்தவை. ரைசன் 5000 வரிசை 2020 இறுதியில்தான் வந்தது. கடை அலமாரியில் பழைய ஸ்டாக்காகக் கிடந்த போர்டு என்றால், அதிலுள்ள பயாஸுக்கு 5600 என்பது யாரென்றே தெரியாது. போர்டு எப்போது வாங்கியது, பயாஸ் சிப் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன வெர்ஷன் என்று கேட்டேன். சிபியு சப்போர்ட் பட்டியலில் 5600-க்குக் குறைந்தபட்சம் தேவை என்று போர்டு தயாரிப்பாளர் சொல்லியிருந்ததைவிட அது பழையது.

சில போர்டுகளில் சிபியு இல்லாமலேயே பென்டிரைவ் மூலம் பயாஸை மாற்றும் பட்டன் உண்டு. இவருடைய போர்டில் இல்லை. நண்பரின் ரைசன் 5 2600-ஐ ஒரு மாலைக்கு இரவல் வாங்கி, பயாஸை அப்டேட் செய்து, மறுபடி 5600-ஐ வைத்தார். விளக்கு அணைந்து படம் வந்தது.

அப்போதும் அணையாமல் இருந்திருந்தால் அடுத்து சிபியுவைக் கழற்றி அடியில் பின் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லியிருப்பேன். ஏஎம்4 சிபியுக்களில் பின்கள் சிபியுவில்தான் இருக்கின்றன. கூலரைக் கழற்றும்போது பேஸ்ட் ஒட்டிக்கொண்டு சிபியுவும் சேர்ந்து பிடுங்கி வருவதுண்டு.