ஒரு மண்விளக்கு, இரண்டு வாடிக்கையாளர்கள்

இணையக் கடையில் ஒரே சுடுமண் விளக்கைப் பார்க்கும் இருவருக்கு இரண்டு விதமான கவலை. புதுமனைப் புகுவிழாவுக்குப் பரிசு தேடுபவர், உடையாமல் வந்து சேருமா, பெட்டியோடு அப்படியே கொடுக்கலாமா என்று யோசிப்பார். வரவேற்பறை அலமாரியில் வைக்க நினைப்பவருக்கு அளவும் நிறமும் தெரிய வேண்டும். எண்ணெய் கசிந்து மரப்பலகை கறையாகுமா என்ற பயமும் உண்டு. ‘பாரம்பரிய அழகு’ என்ற வரி இருவருக்கும் எதையும் சொல்வதில்லை.

கைபேசித் திரையில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும். அதனால் பொருளும் அளவும் அங்கேயே வந்துவிட வேண்டும். ஐந்து முக விளக்கு ஒன்றுக்கு இப்படி எழுதலாம்:

“ஐந்து முகச் சுடுமண் விளக்கு, 12 செ.மீ. அகலம், கையால் வனைந்தது. உயரம் 5 செ.மீ. வண்ணம் பூசாத செம்மண் நிறம். அடியில் வைக்க மண் தட்டு உண்டு. அட்டைப் பெட்டியில் வைக்கோல் சுற்றி அனுப்புகிறோம். விலைச்சீட்டு உள்ளே இருக்காது. வழியில் உடைந்தால் வேறு விளக்கு தருவோம்.”

அளவும் நிறமும் தட்டும் அலங்கரிப்பவருக்கு. பெட்டியும் விலைச்சீட்டும் உடைவுக்கான உறுதியும் பரிசளிப்பவருக்கு. இருவரையும் பெயர் சொல்லி அழைக்கத் தேவையே இல்லை.

அடுத்து, மண்ணின் இயல்பை மறைக்காமல் எழுத வேண்டும். மெருகுப்பூச்சு இல்லாத சுடுமண்ணில் நுண்துளைகள் இருப்பதால் எண்ணெய் மெல்ல ஊறி அடியில் கசியும். பயன்படுத்தும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தினால் விளக்கு குடிக்கும் எண்ணெய் குறையும். கசிவு முழுவதும் நிற்காது. தட்டு எதற்கு என்பது இதைப் படித்ததும் புரிந்துவிடும். வண்ணம் தீட்டிய விளக்கை ஊறவைத்தால் நிறம் கரையக்கூடும் என்பதால், அதற்கு இந்த யோசனையைச் சொல்லக் கூடாது.

காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். சூளையில் தீ படும் விதத்தால் நிறமும் மாறும். “அளவு அரை செ.மீ. கூடக்குறைய இருக்கலாம், சிலவற்றில் கருமைத் திட்டு தெரியும்” என்று முன்பே சொல்லிவிட்டால், படத்தில் கண்டது வேறு, வந்தது வேறு என்ற புகார் குறையும். ஆனால் விரிசல் இந்தக் கணக்கில் சேராது. அனுப்பும் முன் விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும்: நல்ல விளக்கு கணீரென்று ஒலிக்கும், விரிசல் விழுந்தது மொத்தென்று கேட்கும்.

ஊர்ப்பெயரிலும் கவனம் தேவை. மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் வனைந்த விளக்குக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது.

படங்கள் மூன்று போதும்: பகல் வெளிச்சத்தில் ஒன்று, ஏற்றிய நிலையில் ஒன்று, உள்ளங்கையில் வைத்து ஒன்று. கடைசியாக, விளக்கைப் பார்க்காத ஒருவரிடம் இந்த விவரத்தைப் படிக்கக் கொடுத்து, அதன் அளவைக் கைகளால் காட்டச் சொல்லுங்கள். சரியாகக் காட்டினால் பதிவேற்றலாம்.