வாரம் கால் ஸ்பூன் உப்பு

உப்பைக் குறைக்கச் சொன்னதும் பல வீடுகளில் மறுநாளே பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். சாம்பார் சப்பென்று இருக்கும், ஊறுகாய் ஜாடி மேசைக்கு வரும், பத்து நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நாக்குக்கு அவகாசம் கொடுக்காததால் வரும் தோல்வி இது.

எவ்வளவு அவகாசம் வேண்டும்? அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையம் 1982-ல் இதற்கு விடை சொன்னது. சில இளைஞர்கள் 5 மாதம் உப்புக் குறைவாகச் சாப்பிட்டார்கள். அவ்வப்போது சூப்பையும் பிஸ்கட்டையும் சுவைத்து, எந்த அளவு உப்பு பிடிக்கிறது என்று சொன்னார்கள். முதல் சில வாரங்களில் பெரிய மாற்றமில்லை. இரண்டு, மூன்று மாதங்களில்தான் குறைந்த உப்பே பிடிக்கத் தொடங்கியது. அதே குழுவினர் பின்னர் கூடுதல் உப்பைச் சிலருக்கு உணவிலும் சிலருக்கு மாத்திரையாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். உணவில் சாப்பிட்டவர்களுக்கு மட்டும் உப்பு ஆசை கூடியது. ஆக, பழகுவதில் பெரும்பங்கு வாயில் படும் சுவைக்குத்தான்.

அந்த ஆரம்ப வாரங்களின் சப்பைத் தவிர்க்கவே படிப்படியாகக் குறைக்கிறோம். 2003-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், ரொட்டியின் உப்பை வாரம் 5 சதவீதம் வீதம் குறைத்து, 6 வாரத்தில் கால் பங்கை எடுத்துவிட்டார்கள். சாப்பிட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இதை நம் அடுப்படிக்குக் கொண்டுவரலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் சமையலுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் தூள் உப்பு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தலை தட்டி அளந்தால் ஏறக்குறைய 5 டீஸ்பூன். காலையிலேயே அதைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்து, அன்றைய சமையல் முழுக்க அதிலிருந்தே போட வேண்டும். ஒவ்வொரு வாரமும் கிண்ணத்தில் கால் டீஸ்பூன் குறையட்டும். பத்து வாரத்தில் இரண்டரை டீஸ்பூனுக்கு வந்துவிடலாம். ஒரு வாரம் யாராவது "உப்பே இல்லையே" என்றால் அந்த அளவிலேயே இன்னும் ஒரு வாரம் நில்லுங்கள். பின்னால் போக வேண்டாம். நடுவில் கல் உப்புக்கு மாறினால் கணக்கு குழம்பும். கல்லுக்கும் கல்லுக்கும் இடைவெளி இருப்பதால் ஒரு ஸ்பூனில் குறைவாகவே பிடிக்கும்.

இந்த முயற்சி கெடுவது பெரும்பாலும் பக்கவாட்டில்தான்: ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, சிப்ஸ். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்குச் சொல்லும் நாளைக்கு 5 கிராமுக்குள் என்ற வரம்பில் இவையும் சேர்த்தி. குழம்பில் குறைத்ததை இவற்றில் ஈடுகட்டினால், நாக்கு பழைய அளவையே தேடிக்கொண்டிருக்கும்.

நாக்கு மாறிவிட்டதா என்பது ஓட்டலில் தெரியும். முன்பு சரியாக இருந்த சாம்பார் இப்போது கரிக்கும்.

பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தாறுமாறாகும்.