கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் புதிய பின்னணி: போட்டோஷாப்பில் இயல்பாகத் தெரியச் செய்வது எப்படி?

புகைப்படத்தில் உள்ள கண்ணாடி டம்ளரை விளிம்போடு வெட்டி வேறு பின்னணியில் வைத்தால், பழைய பின்னணியும் டம்ளருக்குள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கண்ணாடியின் நிழலையும் பளபளப்பையும் தனித்தனியே பிரித்தெடுப்பதே இதற்குத் தீர்வாகும்.

உதாரணமாக, சாம்பல் நிறத் திரையின் முன் எடுக்கப்பட்ட காலி டம்ளரைக் கொள்வோம். போட்டோஷாப் மென்பொருளின் Pen Tool மூலம் வெளிவிளிம்பைத் தேர்ந்தெடுத்து, டம்ளரை இரண்டு லேயர்களாக நகலெடுத்து, புதிய பின்னணியின் மேல் வைக்க வேண்டும். முதல் லேயரை Multiply முறைக்கு மாற்றி, Levels பெட்டியில் உள்ள வெள்ளை முனையை, சாம்பல் நிறம் முழு வெண்மையாகும் வரை இடப்புறம் நகர்த்த வேண்டும். அப்போது விளிம்பின் கருங்கோடுகள் மட்டுமே எஞ்சும். இரண்டாவது லேயரை Screen முறைக்கு மாற்றி, கருப்பு முனையை வலப்புறம் நகர்த்தினால் பளபளப்பு மட்டும் நிற்கும். டம்ளருக்குள் இருண்ட மங்கல் தெரிந்தால் வெள்ளை முனையையும், வெளிறிய மங்கல் தெரிந்தால் கருப்பு முனையையும் இன்னும் சற்று நகர்த்த வேண்டும்.

தண்ணீர் நிரம்பிய டம்ளருக்கு இது போதாது. நீர் லென்ஸ் போலச் செயல்பட்டு, தொலைவில் உள்ள காட்சியை இடவலம் மாற்றிக் காட்டும். எனவே பின்னணியின் நகல் ஒன்றை Flip Horizontal மூலம் திருப்பி, நீர் உள்ள பகுதிக்குள் மட்டும், அவ்விரு லேயர்களுக்கும் கீழே வைக்க வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான்.