கடிதத்துக்குள் ஒரு கல்யாண வருஷம்

பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் முதல் வருஷத்தில் மெல்ல நெருங்குகிறார்கள். இதைக் கடிதங்களாலேயே சிறுகதையாகச் சொல்லலாம். 1921-லேயே மறைமலையடிகள் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' என்று நாவலே எழுதியிருக்கிறார். சிறுகதைக்கு இடம் குறைவு. ஏழெட்டுக் கடிதத்தில் முடிய வேண்டும்.

ஒரு கதையைக் கற்பனையாகக் கட்டிப் பார்ப்போம். வருஷம் 1978. மாப்பிள்ளைக்கு பிலாய் உருக்காலையில் வேலை. வைகாசியில் கல்யாணம். லீவு முடிந்ததும் பெண்ணைக் கோவில்பட்டிப் பக்கம் தன் பெற்றோரிடம் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகுதான் அழைத்துக்கொள்ள முடியும்.

எழுதுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கடிதத்தை வேறு யார் படிப்பார்கள் என்பது. தபால்காரர் திண்ணையில் மாமனார் கையில் கொடுப்பார். இன்லண்ட் லெட்டரைக் கிழிப்பவரும் அவரே. அதனால் அவனுடைய முதல் கடிதத்தில் மழை, மாட்டு விலை, எல்லோருக்கும் வணக்கம்; அவளுக்கு ஒரே வரி. மாதாமாதம் வரும் மணியார்டரும் அப்பா பெயருக்குத்தான். ஆனால் அந்தப் பாரத்தின் அடியில் சேதி எழுத ஒரு துண்டு இடம் உண்டு. அதில் அவன் அப்பாவுக்கு எழுதுகிறான்: "அவள் செருப்பு வார் அறுந்திருந்தது. புதிது வாங்கிக் கொடுக்கவும்." மனைவிக்கு அவன் எழுதிய முதல் காதல் கடிதம் இதுதான். அவனுக்கே அது தெரியாது என்பதுதான் அழகு.

பிறகு ஆடி வருகிறது. புதுப்பெண் தாய்வீடு போகிறாள். கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் அங்கே அவள் கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை. கையெழுத்தே மாறுகிறது. நுணுக்கி எழுதி, இடம் போதாமல் மடிப்பு ஓரத்திலும் எழுதுகிறாள்: "கல்யாணத்தன்று நீங்கள் பாயசத்தைத் தொடவே இல்லை. பார்த்தேன். பிடிக்காதா?"

பதில் இல்லை. பிலாயிலிருந்து தபால் வர ஐந்தாறு நாளாவது ஆகும் என்று தெரிந்தும் அவளுக்குக் கோபம். ஊரே படிக்கட்டும் என்று கார்டில் இரண்டு வரி: "நான் நலம். பதில் எழுத நேரமிருந்தால் எழுதவும்." அந்தக் கார்டு பெட்டியில் விழுந்த மறுநாளே அவன் கடிதம் வருகிறது. "பாயசம் பிடிக்கும். அன்றைக்குக் கடைவாய்ப் பல் வலி. மாப்பிள்ளைக்குப் பல்வலி என்று எப்படிச் சொல்வது? நைட் ஷிஃப்டில் இன்னும் குத்துகிறது."

இப்போது அவள் கோபம் ரயிலில் போய்க்கொண்டிருக்கிறது. திருப்பி அழைக்க முடியாது. கடிதக் கதையில் மட்டும் கிடைக்கிற வசதி இது. பேச்சில் ஒரு நொடியில் தீர்கிற பிணக்கு, தபாலில் ஒரு வாரம் நிற்கும். அவள் உடனே இன்னொரு கடிதம் எழுதுகிறாள். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. பஞ்சில் கிராம்புத் தைலம் தொட்டு வைக்கச் சொல்கிறாள், நாளைத் தள்ளாமல் பல்லைப் பிடுங்கிவிடச் சொல்கிறாள். கடைசியில், "அந்தக் கார்டு வந்தால் படிக்க வேண்டாம்." அவன் படிக்காமல் இருப்பானா?

இந்த வகைக் கதைகள் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். "நமக்கு வைகாசியில் திருமணம் நடந்தது நினைவிருக்கும்" என்று, இருவருக்கும் தெரிந்ததை வாசகருக்காக எழுதுவார்கள். அந்த வரியைப் படித்ததும் எழுத்தாளரின் தலை தெரிந்துவிடும். செருப்பு வார், பாயசம் என்று பாதி சொன்னாலே போதும். மீதியை வாசகர் கட்டிக்கொள்வார். இன்னொரு சோதனை: கையொப்பத்தை மறைத்துவிட்டுப் படியுங்கள். எழுதியது அவனா அவளா என்று தெரியவில்லையென்றால் திரும்ப எழுத வேண்டும். நம் கதையில் அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவன். அவள் கேள்வியாகவே எழுதுகிறவள்.

தலைதீபாவளிக்கு அவன் மாமியார் வீட்டுக்கு வருகிறான். பக்கத்தில் இருக்கிறவனுக்கு யார் கடிதம் போடுவார்கள்? அந்த நான்கு நாளும் கதையில் வெற்றிடம். அதை நிரப்ப டைரியைக் கொண்டுவருவது மோசமான யோசனை. அவன் போன பிறகு அவள் எழுதும் முதல் வரியில், உங்கள் என்று இருந்த இடத்தில் நம் வந்துவிட்டால் போதும்: "நம் பல் இப்போது எப்படி இருக்கிறது?"

மாசியில் குவார்ட்டர்ஸ் கிடைக்கிறது. சேர்ந்து வாழப் போகிறவர்களுக்குக் கடிதம் தேவையில்லை, ஆகவே கதையும் முடிய வேண்டும். கடைசிக் கடிதத்தை அவளிடம் கொடுத்தால் உருக்கமாக முடிக்கத் தோன்றும். அவனிடம் கொடுப்பதே நல்லது. அவன் சாமான் பட்டியல் போடுவான்: அம்மி வேண்டாம், இங்கே வாங்கிக்கொள்ளலாம், இட்லித் தட்டு அவசியம், ரயிலில் இரவு குளிரும், அம்மாவின் கம்பளியைக் கேட்டு வாங்கிக்கொள், பாயசத்துக்கு ஜவ்வரிசி இங்கேயே கிடைக்கிறது.