முடிவா, ஆலோசனையா, தகவலா?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் நிர்வாகக் குழு கூடுகிறது. முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் கூட்டப்பொருள் வருகிறது: '1. லிஃப்ட். 2. தண்ணீர். 3. பார்க்கிங். 4. கணக்கு. 5. இதர.' சென்னையில் ஏதாவது ஒரு சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் நன்றாகத் தெரியும். மறுநாள் நடக்கப்போவதும் தெரியும். லிஃப்டில் தொடங்கும் பேச்சு பழைய காண்டிராக்டரிடம் போகும், அங்கிருந்து வாட்ச்மேன் சம்பளத்துக்குப் போகும். மணி பன்னிரண்டாகும். "அடுத்த மீட்டிங்ல பார்த்துக்கலாம் சார்" என்று எழுந்துவிடுவார்கள். லிஃப்ட் அப்படியே நிற்கும்.

அதிகம் பேசுகிறவர்கள்மீது பழி போடுவது எளிது. உண்மையில், கோளாறு அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. 'லிஃப்ட்' என்ற ஒற்றைச் சொல்லைப் படிக்கிறவருக்குத் தன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்பது தெரியாது. கையெழுத்துப் போடச் சொல்கிறார்களா, கருத்துக் கேட்கிறார்களா, நடந்ததைச் சொல்லப்போகிறார்களா? தெரியாதபோது ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள்.

ஆகவே, கூட்டப்பொருள் தயாரிக்கும் செயலாளர் முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரில் மூன்றில் ஒரு சொல்லை எழுதுவது: முடிவு, ஆலோசனை, தகவல். 'முடிவு' என்றால் அன்றைக்கே தீர்மானம் நிறைவேற வேண்டும். 'ஆலோசனை' என்றால் கருத்துகளைக் கேட்டுக்கொண்டு ஒருவர் திட்டம் தயாரிப்பார். அன்று தீர்மானம் கிடையாது. 'தகவல்' என்றால் படித்துக்கொண்டால் போதும்.

இந்தச் சொல்லைப் போட முயன்றாலே பொருளை முழு வாக்கியமாக எழுத வேண்டியிருக்கும். 'லிஃப்ட் – முடிவு' என்று எழுதினால், என்ன முடிவு என்ற கேள்வி உடனே வருகிறது. 'ஏ பிளாக் லிஃப்டின் மோட்டாரையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மாற்றும் வேலையை எந்த நிறுவனத்துக்குக் கொடுப்பது, பணத்தை எங்கிருந்து எடுப்பது – முடிவு' என்று எழுதிய பிறகுதான் அது ஒரு கூட்டப்பொருளாகிறது.

இங்கே செயலாளர் சங்கத்தின் துணைவிதியையும் புரட்டிப் பார்க்க வேண்டும். நிர்வாகக் குழு தானாகச் செலவு செய்யக்கூடிய தொகைக்குப் பல சங்கங்களில் உச்சவரம்பு உண்டு. செலவு அதைத் தாண்டினால் முடிவெடுக்க வேண்டியது பொதுக்குழு. நிர்வாகக் குழுவால் பரிந்துரைதான் செய்ய முடியும். அப்போது 'பொதுக்குழுவுக்குப் பரிந்துரை' என்றே குறிக்க வேண்டும். அதிகாரம் இல்லாத இடத்தில் 'முடிவு' என்று எழுதிவிட்டால், அன்று எல்லோரும் ஒப்புக்கொண்டாலும் பிறகு யாராவது ஒருவர் கேள்வி எழுப்பும்போது அந்தத் தீர்மானம் நிற்காது.

அடுத்தது, கூட்டத்துக்கு முன்பே அனுப்பும் குறிப்பு. 'முடிவு' என்று குறித்த ஒவ்வொரு பொருளுக்கும் ஓரிரு பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். என்ன கேட்கிறோம், ஏன் இப்போது, என்னென்ன வழிகள், எவ்வளவு செலவு, எதைப் பரிந்துரைக்கிறோம், எதை ஏன் விட்டோம், கடைசியாகத் தீர்மானத்தின் வரைவு. கொட்டேஷன்களும் பழைய கடிதங்களும் இணைப்பாக இருக்கட்டும். இணைப்பை மட்டும் அனுப்பிவிட்டுக் குறிப்பை எழுதாமல் விடுவது பெரிய தவறு. ஏனென்றால் கொட்டேஷன்கள் ஒன்றுக்கொன்று ஒப்பிடும்படி வருவதில்லை.

அறுபது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். லிஃப்ட் வேலைக்கு முதல் நிறுவனம் 6,40,000 ரூபாய் கேட்கிறது. இரண்டாவது நிறுவனம் 7,20,000 கேட்கிறது. இந்த இரண்டு தாள்களும் அப்படியே மேசைக்கு வந்தால், எண்பதாயிரம் மிச்சம் என்று குழு முதல் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்துவிடும். ஆனால் முதல் கொட்டேஷனின் அடியில் 'வரி தனி' என்று இருக்கிறது. 18 சதவீத ஜிஎஸ்டி 1,15,200 ரூபாய் சேர்ந்தால் தொகை 7,55,200 ஆகிறது. இரண்டாவது நிறுவனத்தின் தொகையிலோ வரியும் சேர்ந்திருக்கிறது, பழைய மோட்டாரை இறக்கி அப்புறப்படுத்தும் கூலியும் சேர்ந்திருக்கிறது. குறைவாகத் தெரிந்ததுதான் அதிகம். வரி, வாரண்டி, அப்புறப்படுத்தும் கூலி, வேலை முடிக்கும் நாள் என்று எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வைத்த ஒப்பீட்டுப் பட்டியல் குறிப்பில் இருந்தால் இதைப் படித்தவுடன் கண்டுகொள்ளலாம். இல்லையென்றால் கூட்டத்தின் முதல் இருபது நிமிடம் ஒன்பது பேர் ஆளுக்கொரு கால்குலேட்டரைத் தட்டுவதில் போகும்.

குறிப்பு எப்போது போய்ச் சேர வேண்டும்? கம்பெனிகளின் இயக்குநர் குழுவுக்கு இதில் சட்டமே இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 173-ஆவது பிரிவு, கூட்ட அறிவிப்பை ஏழு நாட்களுக்குக் குறையாமல் முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறது. கம்பெனிச் செயலாளர்கள் கழகத்தின் செயலகத் தரநிலை, கூட்டப்பொருளும் குறிப்புகளும் அதே ஏழு நாள் முன்னதாகப் போக வேண்டும் என்கிறது. குடியிருப்புச் சங்கத்துக்கு அந்த விதி பொருந்தாது. ஆனாலும் முந்தைய ஞாயிறு அனுப்பிவிடுவது நல்ல பழக்கம். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையோடு புதிய பொருள் கொடுப்பதற்கான கெடு முடிய வேண்டும். முதல் நாள் இரவு வரும் பத்துப் பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். கூட்டத்தில்தான் தாளைப் பிரிக்கிறார்கள் என்றால், அந்தப் பொருளுக்குப் போட்ட நேரம் போதாது என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

நேரப் பங்கீடு கடைசியாகத்தான் வர வேண்டும். எந்தப் பொருளுக்கு என்ன வேண்டும் என்று முடிவான பிறகே அதற்கு எத்தனை நிமிடம் என்று சொல்ல முடியும். ஒதுக்காமல் விட்டால் நேரம் எங்கே போகும் என்பதை நார்த்கோட் பார்க்கின்சன் எழுதியிருக்கிறார். 1950-களில் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர் அவர். 1957-இல் வந்த 'பார்க்கின்சன்ஸ் லா' நூலில் ஒரு நிதிக் குழுவைக் கற்பனை செய்து காட்டுகிறார். ஒரு கோடி மதிப்புள்ள அணு உலை இரண்டரை நிமிடத்தில் நிறைவேறுகிறது. சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. அணு உலையைப் பற்றிப் பேச யாருக்கும் தெரியாது. கொட்டகையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். நம் சங்கங்களில் லிஃப்டை விடப் பார்க்கிங்குக்கு நேரம் கரைவதும் இதனால்தான். எனவே, எதைப் பற்றி எளிதில் பேசலாம் என்று பார்க்காமல், எது தவறினால் திருத்துவது கடினம் என்று பார்த்து நிமிடங்களைக் கொடுக்க வேண்டும்.

நம் அறுபது வீட்டுச் சங்கத்தின் தொண்ணூறு நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். சென்ற கூட்ட நடவடிக்கைக் குறிப்பும் அதில் ஒப்புக்கொண்ட வேலைகளும், 5 நிமிடம். தாமதமாக வருகிறவர்கள் வந்து சேரவும், கோரம் சரிபார்க்கவும் இது இடம் தரும். அடுத்து லிஃப்ட், முடிவு, 30 நிமிடம். கோடைக்கால லாரித் தண்ணீர் ஏற்பாடு, ஆலோசனை, 20 நிமிடம். விருந்தினர் வாகன நிறுத்தம், முடிவு, 15 நிமிடம். மாதக் கணக்கு, தகவல், 5 நிமிடம். எடுத்த முடிவுகளைத் திரும்ப வாசிக்க 5 நிமிடம். மீதிப் பத்து நிமிடத்தை எதற்கும் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும். எங்காவது அது தேவைப்படும். கூட்டினால் தொண்ணூறைத் தாண்டுகிறதா? எல்லாவற்றிலும் ஐந்தைந்து நிமிடம் குறைக்கக் கூடாது. ஒரு பொருளை முழுதாக அடுத்த கூட்டத்துக்கு நகர்த்த வேண்டும்.

லிஃப்டுக்கான முப்பது நிமிடத்துக்குள்ளும் ஒரு ஒழுங்கு வேண்டும். குறிப்பை எழுதியவர் சுருக்கிச் சொல்ல 3 நிமிடம். விளக்கக் கேள்விகளுக்கு மட்டும் 5 நிமிடம். விவாதம் 15. தீர்மான வாசகத்தைச் சரிசெய்ய 5. யார், எந்தத் தேதிக்குள் என்று எழுத 2. கேள்வியையும் விவாதத்தையும் பிரிப்பது இதில் முக்கியம். 'வாரண்டி எத்தனை வருடம்' என்பது கேள்வி, 'அந்தக் கம்பெனி சரியில்லை' என்பது விவாதம். இரண்டும் கலந்தால் ஒரு தகவலைச் சொல்லி முடிக்கும் முன்பே கட்சி பிரிந்துவிடுகிறது.

விவாதத்தில் ஒருவர் கேட்கிறார்: "நான் கிரவுண்ட் ஃப்ளோர் சார். லிஃப்டுக்கு நான் ஏன் குடுக்கணும்?" இது நியாயமாகக் கேட்கப்படும் கேள்வி. கடிகாரத்தைக் காட்டி அதை அடக்கக் கூடாது. குறிப்பு எழுதும்போதே இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்து, செலவுப் பங்கீடு பற்றித் துணைவிதி சொல்வதை அதில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டிருந்து நேரமும் தீர்ந்துவிட்டால், தலைவர் முன் மூன்று வழிகள் உண்டு. தெரிந்ததை வைத்து இப்போதே முடிவெடுப்பது. வேறு எந்தப் பொருளிலிருந்து நிமிடங்களை எடுக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லி நீட்டிப்பது. அல்லது, என்ன தகவல் தேவை, அதை யார் எப்போது கொண்டுவருவார் என்று எழுதிவிட்டு ஒத்திவைப்பது. பெயரும் தேதியும் இல்லாத ஒத்திவைப்பு அடுத்த கூட்டத்தில் அதே பேச்சாகத் திரும்பி வரும். ஒரே பொருள் மூன்றாவது முறை பட்டியலில் வந்தால், குறிப்பில் ஏதோ ஒன்று இல்லை, அல்லது முடிவெடுக்கும் அதிகாரம் வேறிடத்தில் இருக்கிறது என்று பொருள்.

வரைவுத் தீர்மானத்தை முன்பே அனுப்புவதில் ஒரு சங்கடம் உண்டு. "எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் கூப்பிட்டிருக்கீங்க" என்பார்கள். அந்தச் சந்தேகத்தைப் போக்க, விட்டுவிட்ட வழிகளையும் அதற்கான காரணத்தையும் குறிப்பில் நேர்மையாக எழுத வேண்டும். வரைவில் நிறுவனத்தின் பெயரையும் தொகையையும் கோடிட்ட இடமாக விடலாம்.

கடைசியில் இருக்கும் 'இதர' என்ற வரியிலும் கவனம் தேவை. பாதிப்பேர் கிளம்பிய பிறகு பெரிய செலவுகள் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். பட்டியலில் இல்லாத பொருளை எடுக்க வேண்டுமானால் தலைவரின் அனுமதியும், வந்திருக்கும் இயக்குநர்களில் பெரும்பான்மையோரின் சம்மதமும் வேண்டும் என்கிறது கம்பெனிகளுக்கான தரநிலை. சங்கங்கள் இன்னும் எளிதாக ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: 'இதர' என்பதில் பணம் செலவாகும் எதற்கும் அன்று முடிவு இல்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் தீர்மானம் இப்படி இருக்கும்: 'ஏ பிளாக் லிஃப்ட் வேலையை வரி உட்பட 7,20,000 ரூபாய்க்கு இரண்டாவது நிறுவனத்துக்கு வழங்கவும், 4,20,000 ரூபாயை மூலநிதியிலிருந்து எடுக்கவும், மீதி 3,00,000 ரூபாயை வீட்டுக்கு 5,000 வீதம் வசூலிக்கவும் பொதுக்குழுவுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. பொதுக்குழு அறிவிப்பைச் செயலாளர் இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் அனுப்புவார்.' செயலாளர் இதன் ஓரத்தில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்: ஒதுக்கியது 30 நிமிடம், ஆனது 38. இப்படி மூன்று நான்கு கூட்டங்களின் கணக்குச் சேர்ந்துவிட்டால், எந்த வகைப் பொருளுக்குத் தம் குழு உண்மையில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது தெரிந்துவிடும். அடுத்த பட்டியலில் எழுதும் நிமிடங்கள் அந்தக் கணக்கிலிருந்து வரும்.