பலாப்பாலுக்கு முதலில் எண்ணெய், பிறகுதான் சோப்பு

பண்ருட்டிப் பக்கம் சாலையோரத்தில் பலாப்பழம் அறுப்பவர்களைக் கவனித்தால், கத்தியின் பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்ட பிறகே பழத்தில் கை வைப்பார்கள். வீட்டில் முதன்முறை பழம் வாங்குபவர்கள் இதை மறந்துவிட்டு, அறுத்து முடித்த கையோடு குழாயடிக்கு ஓடுகிறார்கள். கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

பலாவின் பாலில் இருப்பது பெரும்பாலும் பிசின். அது தண்ணீரில் கரையாது. சோப்பும் தண்ணீரும் சேர்ந்து மெல்லிய எண்ணெய்ப் பசையை எளிதாகக் கழுவிவிடும். தடித்து இழுபடும் பிசினுக்குள் அவை புகுவதில்லை. தேய்க்கத் தேய்க்க அது விரலிடுக்குகளுக்குப் பரவும், துண்டின் நூலையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். எண்ணெயோ பிசினோடு கலந்து அதை இளக்கிவிடுகிறது. அப்படி இளகிய கலவையைச் சோப்பு சுலபமாகக் கழுவும். இரண்டுக்கும் வேலை உண்டு, வரிசைதான் முக்கியம்.

கையில் ஈரம் இருந்தால் முதலில் துடைத்துவிட வேண்டும். ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்க்க வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிரித்தால் இழுபடுகிறதா? இன்னும் பால் இருக்கிறது, எண்ணெய் போதவில்லை. வழுக்கினால், பழைய துணியாலோ செய்தித்தாளாலோ துடைத்துவிட்டு, தண்ணீர் படாத கையிலேயே சோப்புத் திரவத்தைத் தேய்த்து, அப்புறம் கழுவலாம்.

கத்திக்கும் இதே முறைதான். காய்ந்து கறுத்துப்போன பிசினுக்கு எண்ணெய் பூசிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, முதுகுப் பக்கத்திலிருந்து கூர்முனையை நோக்கி வழித்தெடுக்கலாம். சிலர் அடுப்பில் காட்டி இளக்குவார்கள். பிளாஸ்டிக் பிடிக்கு அது ஆகாது. எண்ணெய் பூசிய கத்தியைத் தீயில் காட்டவே கூடாது.

துணிதான் பொறுமையைச் சோதிக்கும். பருத்தி வேட்டியில் பால் சொட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். உடனே தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும். ஐஸ் கட்டி வைத்து இறுகியதும் நகத்தால் சுரண்டி எடுக்கலாம். கறையின் அடியில் ஒரு கழிவுத்துணியை விரித்து, மேலே சில சொட்டு எண்ணெய் விட்டு, கால் மணி கழித்து ஒற்றியெடுக்க வேண்டும். அடித்துணியை இடம் மாற்றிக்கொண்டே இருந்தால்தான் இளகிய பிசின் அதற்குள் இறங்கும். பிறகு நனைக்காமலே பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து, துணி தாங்கும் அளவு சூடான நீரில் அலசலாம்.

காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். எண்ணெய்த் திட்டு தெரிந்தால் திரவத்தை மட்டும் மறுபடி போட்டால் போதும். விரலில் ஒட்டினால் எண்ணெயிலிருந்தே தொடங்க வேண்டும். இரண்டும் போகும்வரை இஸ்திரி போடக்கூடாது. சூட்டில் மிச்சப் பிசின் இளகி இழைக்குள் இறங்கிவிடும். பட்டுப் புடவையில் இந்தச் சோதனை வேண்டாம். எண்ணெய்க் கறையே தனித் தொல்லையாகிவிடும் என்பதால் சலவைக்காரரிடம் கொடுத்துவிடலாம்.